நடையும் ஓட்டமும் மாறி மாறி: ஆப், டைமர், வாட்ச் – குமரி ரோட்டில் எது சரிவரும்?

ஓடிப் பழக்கமே இல்லாத ஒருவர் ஓட ஆரம்பிக்க இன்று உலகம் முழுக்கச் சொல்லும் வழி ஒன்றுதான். கொஞ்ச நேரம் மெல்ல ஓடு, கொஞ்ச நேரம் நட, மறுபடி ஓடு, மறுபடி நட. இதை எதை வைத்துச் செய்வது என்று பார்த்தால் நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வாரவாரியாகப் பாடம் வைத்து, திரையில் நொடிகளைக் காட்டி, குரலிலும் சொல்லிக் கூட்டிப்போகும் ஆப் ஒன்று. நாம் கொடுத்த நொடிகளை மட்டும் எண்ணும் சாதாரண இன்டர்வல் டைமர் இன்னொன்று. கையில் கட்டும் ஓட்ட வாட்ச் மூன்றாவது.

மூன்றும் நேரத்தை ஒழுங்காகவே எண்ணும். வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஓட்டத்தின் அளவை எப்போது கூட்டுவது என்பதை யார் முடிவு செய்கிறார், ‘இன்று ஓடாதே’ என்பதை யார், எதை வைத்துச் சொல்கிறார் என்பவை அவை. நாற்பதைத் தாண்டிய, கொஞ்சம் எடை கூடிய, தக்கலை பக்கமோ மார்த்தாண்டம் பக்கமோ ஏற்ற இறக்கமான ரோட்டோரம் குடியிருக்கும் ஆளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடப் பழகும் பையன்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. அவர்களுக்கு வேண்டியது வேகம், அது வேறு பயிற்சி.

முதலில் ஆப். இந்த வகை ஆப்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் எழுதிய ‘கவுச் டு 5கே’ திட்டம். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு ஓட்ட நாளுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. கடைசியில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம் என்பது கணக்கு. முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று எட்டுத் தடவை செய்ய வேண்டும். திரையில் பெரிய எண்கள் குறைந்துகொண்டே வரும், முடியும்போது மணி அடிக்கும் அல்லது குரல் வரும். எதையும் யோசிக்க வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய பலம். காலை ஐந்தரைக்குத் தூக்கக் கலக்கத்தோடு இறங்குபவருக்கு யோசிக்க வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு நாளில் மொத்தம் எத்தனை நிமிடம் ஓடுகிறோம் என்று கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு. முதல் வாரம் எட்டு நிமிடம். இரண்டாவது வாரம் 90 நொடி ஓட்டம், 2 நிமிட நடை. மொத்த ஓட்டம் ஒன்பது நிமிடம். மூன்றாவது வாரம் ஒன்றரை நிமிட ஓட்டமும் மூன்று நிமிட ஓட்டமும் கலந்து வருகின்றன, மொத்தம் அதே ஒன்பது. நாலாவது வாரம் 3, 5, 3, 5 என்று வருகிறது. கூட்டினால் பதினாறு நிமிடம்! ஒன்பதிலிருந்து பதினாறுக்கு ஒரே தாவல். அடுத்த வாரத்தின் மூன்றாம் நாள் இருபது நிமிடம் நடையே இல்லாத ஓட்டம். மூன்று வாரம் சமதளத்தில் கூட்டிவந்த திட்டம் நாலாவது வாரத்தில் சட்டென்று படி ஏறச் சொல்கிறது. திரையில் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் மொத்த நேரம் எல்லா வாரமும் ஏறக்குறைய அரை மணி நேரம்தான்.

இருபத்தைந்து வயதுக்காரருக்கு இந்தத் தாவலில் பெரும்பாலும் பிரச்சினை வராது. நாற்பத்தைந்து வயதில் ஏன் வருகிறது என்றால், உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். முதல் வாரம் திணறியவர் மூன்றாவது வாரம் பேசிக்கொண்டே ஓடுவார். தசையும் ஓரளவு சீக்கிரம் பழகும். ஆனால் குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணும், முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பும் மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையின் இரண்டு மடங்குக்கு மேல் ஒரே காலில் இறங்குகிறது. எலும்பு அந்த இடிக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆனால் முதலில் கொஞ்சம் கரைந்து பிறகுதான் புதிதாகக் கட்டும். அந்த இடைப்பட்ட காலத்தில்தான், அதாவது மூன்றாவது நான்காவது வாரத்தில், மூச்சு ‘இன்னும் ஓடலாம்’ என்கிறது. எலும்பு தயாராக இருப்பதில்லை. திட்டத்தின் தாவலும் சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதற்காக ஆப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெரும்பாலான ஆப்களில் முடித்த வாரத்தையே மறுபடி எடுக்கலாம், ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்யலாம். ஆனால் மூன்றாவது வாரத்தை இரண்டு தடவை செய்தாலும் ஒன்பதுக்கும் பதினாறுக்கும் நடுவில் படி இல்லை என்பது மாறாது. அந்தப் படியை நாமே வைக்க வேண்டுமானால் டைமருக்குப் போக வேண்டும்.

டைமர்: வெறும் எண்ணி, ஆனால் கைவசம்

இன்டர்வல் டைமர் என்று தேடினால் இலவசமாக நிறையக் கிடைக்கும். எல்லாவற்றிலும் திரை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். `Prepare` என்ற இடத்தில் ஆயத்த நேரம், `Work` என்ற இடத்தில் ஓட்ட நொடி, `Rest` என்ற இடத்தில் நடை நொடி, `Cycles` அல்லது `Sets` என்ற இடத்தில் எத்தனை தடவை என்பது. `Rest` வந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிடாதீர்கள், அது நடப்பதற்கான நேரம். சட்டென்று நின்றால் கால்களில் இறங்கிய ரத்தம் மேலே திரும்பத் தாமதித்து, சிலருக்குத் தலை கிறுகிறுக்கும்.

நான் பரிந்துரைக்கும் தொடக்கம் 30 நொடி ஓட்டம், 90 நொடி நடை, எட்டுத் தடவை. பதினாறு நிமிடத்தில் நாலே நிமிடம்தான் ஓட்டம். முன்னால் ஐந்து நிமிட நடை, பின்னால் ஐந்து நிமிட நடை, ஆக மொத்தம் இருபத்தாறு நிமிடம். ‘இது ஒரு ஓட்டமா?’ என்று தோன்றும். தோன்றட்டும். இரண்டு வாரம் கழித்து ஓட்டத்தை 45 நொடியாக்கினால் மொத்தம் ஆறு நிமிடம். அடுத்த இரண்டு வாரம் 60க்கு 90, எட்டு நிமிடம். அதாவது ஆப் முதல் நாள் கேட்பதை நாம் ஐந்தாவது வாரத்தில் தொடுகிறோம். அதன் பிறகு 60க்கு 60 பத்துத் தடவை, பிறகு 90க்கு 60 எட்டுத் தடவை என்று போனால் பத்து, பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு படியும் இரண்டே நிமிட உயரம். ஒன்பதுக்கும் பதினாறுக்கும் நடுவில் காணாமல்போன படிகள் இங்கே இருக்கின்றன.

நடையை ஒரு நாள் முழுதாக விட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, நடையையும் ஓட்டத்தையும் நிலையான விகிதத்தில் கடைசி வரை கலந்து ஓடும் முறையையே தன் பெயரில் பரப்பியவர். அந்த முறையில் மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம். ஆகவே 90க்கு 60இலேயே நின்றுவிட்டு, தடவைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனாலும் குறை ஒன்றும் இல்லை. ஆப் திட்டத்தில் இதற்கு இடமில்லை. அதன் முடிவு எப்போதும் ‘நிற்காமல் அரை மணி’ என்பதுதான்.

டைமரில் எளிதாக நடக்கும் பிசகு, முதல் 30 நொடியை விரட்டி ஓடிவிடுவது. திரையில் எண் குறைந்துகொண்டே வந்தால் ‘அதற்குள் முடிக்கணும்’ என்று கால் தானாகப் பறக்கும். ஓட்டம் வேகநடையைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தால் போதும், பக்கத்தில் ஒருவர் வேகமாக நடந்தால் கூடவே வரக்கூடிய அளவுக்கு. சரியாகப் போகிறோமா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள் உண்டு. ஓட்டத்தின் கடைசி நொடிகளில் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறாமல் சொல்ல முடிய வேண்டும். எட்டாவது தடவை ஓடிய தூரமும் முதல் தடவை ஓடிய தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முதல் தடவை ஐந்து கரண்ட் கம்பம் தாண்டி, கடைசித் தடவை மூன்றே கம்பம் என்றால் ஆரம்பத்தில் விரட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

இனி நம்ம ஊர் ரோடு. ஆப், டைமர் இரண்டுமே நேரத்தை மட்டும் அறியும், ரோட்டை அறியா. கல்குளம், விளவங்கோடு பக்கம் நூறு மீட்டர் சமமாகக் கிடைப்பதே அபூர்வம். ஓடச் சொல்லும் நொடி சரியாக ஏற்றத்தின் அடிவாரத்தில் வந்து விழும். ஏற்றத்தில் அதே வேகத்தில் ஓடினால் கெண்டைக்காலிலும் குதிநாணிலும் இழுவை கூடும். இறக்கத்தில் ஓடினால் முழங்கால் வாங்கும். டைமரில் அந்த ஒரு தடவையை நடந்தே கழித்துவிட்டு அடுத்ததைப் பிடிக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆப்பிலும் அப்படிச் செய்யலாம்தான், ஆனால் குரல் ‘ஓடு’ என்று சொன்ன பிறகு நடப்பது பலருக்கும் தோற்றுப்போனது போல இருக்கிறது.

இதைவிட நல்ல வழி இடத்தை மாற்றுவது. சானல் கரை இதற்கென்றே வெட்டி வைத்தது போல இருக்கும். தண்ணீர் மெல்ல ஓடுவதற்காகச் சானலை மிகக் குறைந்த சரிவில் கொண்டுபோகிறார்கள், ஆகவே அதன் கரை குன்றைச் சுற்றிப் போனாலும் கிட்டத்தட்ட சமதளம்தான். பெரிய குளங்களின் கரையும் அப்படியே. நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. கடற்கரை வேண்டாமா என்று சொத்தவிளை, சங்குத்துறைக்காரர்கள் கேட்பார்கள். காய்ந்த மணலில் குதிகால் புதைந்து நாணை இழுக்கும். ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் ஓடும். நடைக்குக் கடற்கரை நல்லது, முதல் இரண்டு மாத ஓட்டத்துக்கு வேண்டாம்.

கைபேசியில் இன்னொரு சிக்கல் உண்டு. திரை அணைந்தால் டைமர் நின்றுவிடுவது. டைமர் கெட்டுப்போகவில்லை, பேட்டரியை மிச்சப்படுத்த ஃபோனே பின்னணியில் ஓடும் ஆப்பை மூடிவிடுகிறது. ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அந்த ஆப்புக்கான பேட்டரி அமைப்பில் `Unrestricted` என்று வைத்துவிட்டால் பெரும்பாலும் தீரும். வீட்டிலேயே திரையை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபோனைக் கையில் பிடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டே ஓடுவது நல்லதல்ல: ஒரு கை வீசாமல் நின்றுவிடும், கழுத்து குனியும், வியர்வை விரலுக்குத் திரையும் கேட்காது. சத்தமாக மணி வைத்து இடுப்புப் பையில் போடுங்கள். இயர்போன் மாட்டினால் ஒரு காதில் மட்டும். பின்னால் வரும் பைக்கும் பால் வண்டியும் கேட்க வேண்டும்.

வாட்ச்

ஃபோனைத் தொடாமல் மணிக்கட்டில் எண் தெரிவதும், நேரம் மாறும்போது கையில் அதிர்வு வருவதும் உண்மையிலேயே சுகம். மழைச் சாரலிலும் வேலை செய்யும். கார்மின் வாட்ச்களில் `Run/Walk` என்ற எச்சரிக்கையும், ஆப்பிள் வாட்ச்சில் `Work`, `Recovery` என்று பிரித்து நாமே அமைக்கும் பயிற்சியும் இருக்கின்றன. ஆக, நேரம் எண்ணுவதில் வாட்ச் என்பது கையில் கட்டிய டைமர்தான். படியை வைப்பவர் அங்கேயும் நாமே.

வாட்ச் கூடுதலாகத் தருவது இதயத் துடிப்பு. தொடக்கக்காரர் இதை நம்பித்தான் காசு கொடுக்கிறார். ஆனால் 30 நொடி, 60 நொடி ஓட்டத்தில் அந்த எண்ணால் பயன் குறைவு. உடம்பில் துடிப்பு ஏறவே சில பத்து நொடிகள் ஆகும், மணிக்கட்டு ஒளியால் அளக்கும் கருவி அதைக் காட்ட மேலும் தாமதமாகும். ஓட்டம் முடிந்து நடக்க ஆரம்பித்த பிறகு திரையில் உச்ச எண் வரும். வாட்ச் தளர்வாக இருந்தால் துடிப்புக்குப் பதில் கால் அடிகளையே எண்ணி 160, 170 என்று காட்டிப் பயமுறுத்துவதும் உண்டு. பிபிக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு ஏறுவதே குறைவு, அவர்களுக்கு இந்த எண் இன்னும் உதவாது. முழு வாக்கியம் பேசிப் பார்க்கும் சோதனைக்குக் காசு வேண்டாம், துல்லியமும் அதிகம். ஏற்கெனவே வாட்ச் வைத்திருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காக வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி. அந்தக் காசை நல்ல ஷூவில் போடலாம்.

ஓய்வை யார் நினைவுபடுத்துவது

ஓட்டத்துக்கு அலாரம் வைப்பவர்கள் எல்லோரும் ஓய்வுக்கு வைப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன எலும்பும் நாணும் உறுதிப்படுவது ஓடாத நாளில்தான். இந்த விஷயத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் அதிகம்.

ஆப் நாள் கணக்கில் நினைவுபடுத்துகிறது. ஓட்டம் முடிந்ததும் ‘நாளை ஓய்வு’ என்று திரையில் வரும், அடுத்த ஓட்ட நாளில் கூப்பிடும். எளிமையானது, தொடக்கக்காரருக்குப் பெரும்பாலும் இதுவே போதும். இதில் கவனிக்க வேண்டியது, சில ஆப்களில் தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிப் பதக்கம் தரும் வசதியும் கூடவே இருப்பது. ஒரு பக்கம் ஓய்வெடு என்றும் இன்னொரு பக்கம் தொடர்ச்சியை விடாதே என்றும் சொன்னால் ஜெயிப்பது பதக்கம்தான். அதை அணைத்துவிடுங்கள். ஃபோனின் அன்றாட அடி எண்ணிக்கை இலக்கையும் ஓய்வு நாளில் துரத்த வேண்டாம். சாதாரண நடை நடக்கலாம், தவறில்லை.

வாட்ச் மணிக் கணக்கில் சொல்கிறது. ‘இன்னும் 31 மணி நேரம் ஓய்வு’ என்பது போல ஒரு எண் வரும். பார்க்க விஞ்ஞானமாக இருந்தாலும் அது பெரும்பாலும் துடிப்பை வைத்துப் போடும் கணக்கு. நம்மைப் பற்றிய பழைய பதிவு சேரும் வரை அதற்கு அடிப்படையும் கிடையாது. முக்கியமாக, துடிப்பு சொல்வது இதயத்தின் களைப்பை. முன்னெலும்பின் நிலை அதற்குத் தெரியாது. நாலு நிமிடம் மெல்ல ஓடியதற்கு ‘நாளைக் காலையே ஓடலாம்’ என்று வாட்ச் சொல்லும். இதயத்தைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கும். எலும்புக்கு இன்னொரு நாள் வேண்டும். ஆகவே முதல் மூன்று மாதம் அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதையே பிடியுங்கள்.

டைமரில் ஓய்வு நினைவூட்டல் என்ற ஒன்றே இல்லை. இதுதான் அதன் பெரிய ஓட்டை. அதை ஃபோனின் அலாரத்தால் அடைக்கலாம். திங்கள், புதன், வெள்ளி காலைக்கு மட்டும் ஓட்ட அலாரம். கூடவே அந்த மூன்று நாள் இரவு எட்டரைக்கு இன்னொரு அலாரம் வைத்து, பெயராக ‘நாளை ஓடக்கூடாது, காலைத் தொட்டுப் பார்’ என்று எழுதிவிடுங்கள். இரவில் வைப்பதற்குக் காரணம், காலையில் வரும் நினைவூட்டல் ஷூ மாட்டிய பிறகுதான் கண்ணில் படும். தொட்டுப் பார்ப்பது எதற்கு என்றால், நாள் கணக்கும் மணிக் கணக்கும் அறியாததை விரல் அறியும்.

முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தை மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். விரல் நீளத்துக்கு மேல் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் குறைகிறது என்றால் சுமை கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு வாரம் நடை மட்டும், பிறகு ஒரு படி கீழே இறங்கித் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகும். ஒரே புள்ளியில் விரல் நுனி அளவுக்குச் சுருக்கென்று வலித்து, ஓட ஓடக் கூடி, படுத்த பிறகும் விண்விண் என்றால் அது எலும்பில் கீறல் விழுவதற்கான அறிகுறி. அதில் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடக்கூடாது, எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் மைனியின் கதையைச் சொன்னால் இந்த ஒப்பீடு விளங்கும். வயது நாற்பத்தேழு, தினமும் நாற்பது நிமிடம் நடப்பவர். மகன் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தான். மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. ரோடு மட்டும்தான் தொல்லை. “அந்தப் பெண்ணு ஓடு ஓடுன்னு சொல்லுதா தம்பி, முன்னால ஏத்தம் கெடக்கு, நான் எங்க போயி ஓட?” என்பார். நாலாவது வாரம் இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு இடதுகால் முன்னெலும்பில் வலி. தொட்டுப் பார்த்தால் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவலான வலி, ஒரே புள்ளியில் இல்லை, இரவில் இல்லை. ஒரு வாரம் நடை மட்டும் என்று சொன்னேன்.

அடுத்து எங்கே தொடங்குவது என்பதில்தான் பேச்சு வந்தது. ஆப்பில் மூன்றாவது வாரத்துக்குத் திரும்பலாம் என்பது மகனின் கட்சி. அது ஒன்பது நிமிட ஓட்டம், அதில் மூன்று நிமிடத் துண்டுகளும் உண்டு. வலி வந்து தணிந்த காலுக்கு நீளமான துண்டு நல்லதல்ல என்று நினைத்தேன். டைமரில் 45க்கு 90, எட்டுத் தடவை, ஆறு நிமிடம் என்று வைத்தோம். ரோட்டை விட்டுச் சானல் கரைக்கு மாறினார். இரண்டு வாரத்துக்கு ஒரு படி. படி ஏறுவதற்கு நிபந்தனை இரண்டு: அந்த இரண்டு வாரமும் எட்டாவது தடவையில் பேச முடிந்திருக்க வேண்டும், ஓட்டத்துக்கு மறுநாள் காலை மாடிப்படியில் முதல் நாலு அடி வலிக்காமல் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அதே படியில் இன்னொரு வாரம். 60க்கு 60 வந்தபோது ஒரு முறை அப்படித் தங்கினார். 90க்கு 60ஐத் தாண்டிய பிறகு அவரே மறுபடி ஆப்பைத் திறந்து நாலாவது வாரத்தை எடுத்தார். பன்னிரண்டிலிருந்து பதினாறு என்பது முன்பு போன்ற தாவல் இல்லை, கால் ஒன்றும் சொல்லவில்லை. “இப்ப அவ சொல்லுததக் கேக்கலாம் போல இருக்கு” என்றார்.

ஆகவே என் முடிவு ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பதாக இல்லை, வரிசையாக இருக்கிறது. முப்பத்தைந்துக்குக் கீழே, எடை கூடாதவர், சமதளம் பக்கத்தில் இருப்பவர் நேராக ஆப்பில் தொடங்கலாம். மூன்றாவது வாரத்துக்கும் நாலாவது வாரத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு வாரம் டைமரில் 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, ஆறு தடவை என்று சொருகிக்கொண்டால் பன்னிரண்டு நிமிடப் படி கிடைத்துவிடும். மற்றவர்கள் டைமரில் தொடங்கி, 90க்கு 60 சுலபமான பிறகு விருப்பம் இருந்தால் ஆப்புக்குப் போகலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்று எது வந்திருந்தாலும் முதலில் மருத்துவர். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் காலையில் ஓடுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், பையில் இனிப்பு ஏதாவது வைத்திருக்க வேண்டும்.

மழையை மறந்துவிடக் கூடாது. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் ஒரு வாரம் முழுதாகப் போய்விடும். ஆப் அதுபாட்டுக்கு நீங்கள் விட்ட இடத்திலேயே காத்திருக்கும், திறந்ததும் அடுத்த ஓட்டத்தைக் கொடுக்கும். ஒரு வாரம் விட்டுப்போனால் முந்தைய படியை ஒரு வாரம் செய்துவிட்டுத் தொடருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போனால் இரண்டு படி கீழே. விட்டுப்போனதை ஈடுகட்ட வாரத்துக்கு நாலு நாள் ஓட வேண்டாம். சானல் கரையில் மழைக்குப் பிறகு வழுக்கும், பாசி பிடித்த இடங்களில் ஓட்ட நொடி வந்தாலும் நடந்தே தாண்டுங்கள்.